பத்து நிமிஷம் கழித்து இழுக்கும் கேம்

பெருந்துறையில் இருக்கும் என் தங்கை மகன் ஒரு சாதாரண லேப்டாப்பில் கார் கேம் விளையாடுகிறான். தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. 15 வாட் புராசசருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ்தான். "ஆரம்பத்துல நல்லாத்தானுங்க மாமா ஓடுது, பத்து நிமிஷம் போனா இழுக்குதுங்க" என்றான். காரணம் அந்தப் பேச்சிலேயே பாதி இருக்கிறது. லேப்டாப்பின் சக்திக்கு மீறிய கேம் என்றால் முதல் நிமிஷமே இழுக்கும். போகப்போக இழுத்தால் முதலில் சூட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

விண்டோஸில் `Win + G` அழுத்தினால் வரும் கட்டத்தில், நொடிக்கு எத்தனை படம் வரையப்படுகிறது என்ற ஃப்ரேம் எண்ணிக்கை தெரியும். அவனுடையதில் தொடக்கத்தில் நொடிக்கு 50 ஃப்ரேம். சூடேறிய பிறகு 27க்கும் 36க்கும் நடுவே தாவிக்கொண்டிருந்தது.

இத்தகைய புராசசர்கள் குளிர்ந்திருக்கும்போது கொஞ்ச நேரத்துக்குத் தங்கள் 15 வாட்டைத் தாண்டி ஓடும். அப்புறம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சிப் 100 டிகிரியை நெருங்கினால் இன்னும் குறைக்கும். ஃபேன் வெளியேற்றும் சூடு, சிப்புக்கும் அறைக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. அறை 25 டிகிரி என்றால் வித்தியாசம் 75. சித்திரை மாதத்து ஈரோட்டு மதியத்தில் அறையே 38 டிகிரி என்றால் வித்தியாசம் 62தான். 15 வாட்டை வெளியேற்றிய அதே ஃபேனால் அப்போது 12 வாட் சொச்சம்தான் முடியும். மார்கழியில் ஓடிய கேம் சித்திரையில் இழுப்பது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. அந்த வாட்டைப் புராசசரும் கிராஃபிக்ஸும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஃப்ரேமுக்கு எல்லை வைக்காவிட்டால் இரண்டும் முடிந்தவரை ஓடப் பார்க்கும். வேகம் கூடக்கூட மின்னழுத்தமும் கூட வேண்டியிருப்பதால், கடைசியில் கிடைக்கும் நாலைந்து ஃப்ரேமுக்குத்தான் மின்சாரம் அதிகம் செலவாகும். எல்லை வைத்தால் ஒவ்வொரு ஃப்ரேமையும் முடித்துவிட்டு சிப் சிறிது ஓய்வெடுக்கும்.

எந்த எண்ணில் வைப்பது? 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லிநொடிக்கு ஒருமுறை படத்தைப் புதுப்பிக்கிறது. 30 ஃப்ரேம் என்றால் ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு முறை திரையில் நிற்கும். 40 வைத்தால் ஒரு படம் ஒரு முறையும் அடுத்தது இரண்டு முறையுமாக மாறி மாறி நிற்கும். எண் பெரிதானாலும் கண்ணுக்கு வெட்டி வெட்டித் தெரியும். 120 ஹெர்ட்ஸ் திரையில் 40 அழகாகப் பொருந்தும், அங்கே ஒவ்வொரு படமும் மூன்று முறை நிற்கும். அவனுடைய திரை 60 என்பதால் 30தான் சரி.

ஆனால் சூடேறிய நிலையிலும் 30க்கு மேல் கொஞ்சம் மிச்சம் இருந்தால்தான் எல்லை நிற்கும். 27க்கு இறங்கும் கேமில் 30 வைத்தால் அவ்வப்போது ஒரு படம் தாமதமாகி விக்கும். அதனால் முதலில் சுமையைக் குறைத்தோம். திரையின் ரெசல்யூஷனை 1920 x 1080 என்று விட்டுவிட்டு, கேமுக்குள் காட்சி எந்த அளவில் வரையப்படுகிறது என்பதைத் தீர்மானிக்கும் `Render Scale` என்பதை மட்டும் 75% ஆக்கினோம். நீளம், அகலம் இரண்டும் முக்கால் ஆவதால் வரைய வேண்டிய புள்ளிகள் 56% ஆகின்றன, அதாவது சுமை கிட்டத்தட்ட பாதி. வேகமானி, வரைபடம் போன்றவை பெரும்பாலான கேம்களில் முழு ரெசல்யூஷனிலேயே வரையப்படுவதால் எழுத்து மங்காது. நிழலையும் `High`இலிருந்து `Medium`க்கு இறக்கினோம். பொருட்களின் மேற்பரப்புப் படங்களான டெக்ஸ்சரைத் தொடவில்லை. மெமரியில் இடம் இருக்கும்வரை அதனால் வேகம் பெரிதாகக் குறையாது.

பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தபோது சூடான நிலையிலும் 40க்குக் கீழே போகவில்லை. அப்புறம்தான் 30ல் எல்லை வைத்தோம். கேமிலேயே அந்த வசதி இருந்தது. இல்லாத கேமுக்கு ரிவாடியூனர் போன்ற இலவச மென்பொருள் உண்டு. ஃபேன் சத்தம் அடங்கியது, எண் 30ஐ விட்டு அசையவில்லை. தொடக்கத்தில் வந்த 50 போய்விட்டதே என்று அவனுக்கு முதலில் மனக்குறை. ஆனால் வளைவில் காரைத் திருப்பியதும் வித்தியாசம் அவனுக்கே தெரிந்தது.

இது எல்லா கேமுக்கும் பொருந்தாது. ஆன்லைனில் சுடும் கேம்களில் 30 என்றால் கை அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் இடைவெளி உறுத்தும். அங்கே `Render Scale`ஐ இன்னும் இறக்கி 60ஐப் பிடிக்கப் பார்ப்பதே மேல். 50% வரை இறக்கியும் ஃப்ரேம் ஏறவில்லையென்றால் தடை கிராஃபிக்ஸில் இல்லை, புராசசரில் இருக்கிறது. அப்போது கூட்டம், வண்டி நெரிசல், தொலைவுக் காட்சி ஆகியவற்றைக் குறைக்க வேண்டும்.

திருப்பூர், பல்லடம் பக்கம் பனியன் கம்பெனிக்கோ தறிக்கூடத்துக்கோ அருகில் வீடு இருந்தால் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். பஞ்சுத் தூசி ஃபேனுக்கும் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளுக்கும் நடுவே மெத்தை மாதிரி படிந்துவிடும். ஃபேன் முழு வேகத்தில் கத்தியும் பக்கவாட்டுத் துளையில் காற்று மெதுவாக வந்தால் அடைப்பு அங்கேதான். அதை எடுக்காமல் எந்த செட்டிங்ஸை இறக்கினாலும் பலன் பாதிதான்.