ஆனுவல் லீவ் விண்ணப்பம்: காலை வாரிவிடுவது தேதியும் முகவரியும்தான்

ராணுவத்தில் இருப்பவருக்கு ஆண்டுக்கு 60 நாள் ஆனுவல் லீவ் உண்டு. ஜே.சி.ஓ.க்களுக்கும் ஜவான்களுக்கும் அது போக 30 நாள் கேஷுவல் லீவ். கணக்கு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். விதி சொல்வது இவ்வளவுதான். ஆனால் அதே விதியில், விடுப்பை உரிமையாகக் கோர முடியாது என்றும் இருக்கிறது. கமாண்டிங் ஆபீசர் கொடுத்தால்தான் உண்டு. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

எப்படி ஏமாறுகிறார்கள்? வாய்மொழியாகக் கேட்கிறார்கள். "இப்ப ஆள் பத்தாது, அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று வாய்மொழியாகவே பதில் வருகிறது. அடுத்த மாதமும் அதே கதை. டிசம்பர் வந்ததும், "நீ விண்ணப்பமே கொடுக்கலையே" என்கிறது ஆபீஸ். சேவைக் காரணத்தால் எடுக்க முடியாமல் போன ஆனுவல் லீவில் ஒரு பகுதியைச் சேர்த்து வைத்துப் பிற்பாடு காசாக்கிக்கொள்ளலாம். ஆனால் சேவைக் காரணத்தால்தான் போகவில்லை என்பதற்குக் காகிதம் வேண்டும். கேட்டதற்கே காகிதம் இல்லாதபோது மறுத்ததற்கு எங்கிருந்து வரும்? அதனால் கிடைக்காது என்று தெரிந்தாலும் எழுதிக் கொடுங்கள். தேதி போட்டு, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி, இரண்டு விடுப்பையும் ஒட்ட வைப்பது. 30 நாள் ஆனுவல், அதோடு 10 நாள் கேஷுவல் என்று ஒரே விண்ணப்பத்தில் எழுதினால் திரும்பி வரும். விளையாட்டுப் போட்டி போன்ற விலக்கு தவிர, கேஷுவல் லீவை வேறு எந்த விடுப்போடும் சேர்க்க விதி விடாது. ஆனுவல் லீவை மட்டும் பிரித்து எடுக்கலாம். அப்படிப் பிரித்தால் 'பார்ட் ஏ.எல்.' என்றும், மிச்சத்தை எடுக்கும்போது 'பேலன்ஸ் ஏ.எல்.' என்றும் தெளிவாக எழுதுங்கள். இதைக்கூடச் சொல்லாமல் மூன்று முறை அலைய விடும் கிளார்க்குகள் இருக்கிறார்கள்.

இனி தேதி. ஒருவர் மே 5 திங்கள்கிழமை தொடங்கி 30 நாள் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "மே 5 முதல் ஜூன் 4 வரை, 30 நாள்" என்று எழுதுகிறார். பார்த்தால் சரியாகத்தான் தெரியும். எண்ணிப் பாருங்கள்: மே 5 முதல் 31 வரை 27 நாள், ஜூனில் 3 நாள். 30வது நாள் ஜூன் 3. ஜூன் 4 அவர் யூனிட்டில் இருக்க வேண்டிய நாள். எழுதியதில் நாளின் எண்ணிக்கை ஒன்று சொல்கிறது, தேதி வேறொன்று சொல்கிறது. ஆபீஸ் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு லீவ் சர்டிபிகேட்டில் ஜூன் 3 என்று போடும். அவர் மனதில் ஜூன் 4 என்றே இருக்கும். புறப்படும் அவசரத்தில் சர்டிபிகேட்டை யார் வரிவரியாகப் படிக்கிறார்கள்?

இதில் ரயில் பயணமும் சேர்ந்தால் சிக்கல் பெரிதாகும். ஊருக்குப் போக இரண்டு நாள் என்றால் திரும்பவும் இரண்டு நாள். லீவ் முடியும் ஜூன் 3 அன்றே யூனிட் வாசலில் இருக்க வேண்டுமானால் ஜூன் 1 அன்றே வண்டி ஏற வேண்டும். ஜூன் 2 வீட்டில் விசேஷம் என்றால் இந்த 30 நாள் அதற்கு உதவாது. 32 நாளாகக் கேட்டிருக்க வேண்டும். எனவே முதலில் திரும்பும் ரயிலைப் பாருங்கள், அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சிலர் ஜூன் 3 அன்று ஊரில் வண்டி ஏறும்படி டிக்கெட் எடுத்துவிட்டு, லீவ் முடிவதற்குள் கிளம்பிவிட்டோமே என்கிறார்கள். கிளம்பியது கணக்கில் வராது, வந்து சேர்ந்ததுதான் வரும்.

மேலே சொன்ன உதாரணத்தில் மே 4 ஞாயிறு. அன்றே கிளம்ப வேண்டுமானால் அந்த ஞாயிற்றை முன்னால் சேர்க்க அனுமதி கேட்க வேண்டும். ப்ரிஃபிக்ஸ் என்பார்கள். முடிவில் வரும் விடுமுறை நாளுக்கு சஃபிக்ஸ். ஞாயிறுதானே, யார் கேட்பார்கள் என்று நினைக்காதீர்கள். சர்டிபிகேட்டில் இல்லாத நாள் உங்களுடையது இல்லை. பயண நாட்களை யூனிட் தனியாகத் தருமா, விடுப்புக்குள் கழிக்குமா என்பது பணியிடத்தைப் பொறுத்தது. தருவதாகச் சொன்னால் அதையும் சர்டிபிகேட்டில் எழுதி வாங்குங்கள்.

முகவரி விஷயத்துக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் சர்வீஸ் ஏட்டில் உள்ள நிரந்தர முகவரியை அப்படியே எழுதுகிறார்கள். ஆனால் போவது மனைவியின் ஊருக்கு. திடீரென்று யூனிட் திரும்ப அழைக்கிறது. செய்தி போகும் வீட்டில் வயதான அப்பா மட்டும் இருக்கிறார். உங்கள் யூனிட் போர்க்களப் பணிக்கு உத்தரவிடப்பட்ட தகவல் கிடைத்தும், தகுந்த காரணமின்றி உடனே வந்து சேராமல் இருப்பது 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 39வது பிரிவில் குற்றம். தகவல் கிடைக்கவில்லை என்று பிறகு விளக்கலாம். ஆனால் தவறான முகவரி கொடுத்தவர் விளக்கம் சொன்னால் யார் நம்புவார்கள்? எங்கே தூங்கப் போகிறீர்களோ அந்த முகவரியை எழுதுங்கள். இரண்டு ஊர் என்றால் இரண்டையும் தேதியோடு எழுதுங்கள். கிராமம், தபால் நிலையம், காவல் நிலையம், தாலுகா, மாவட்டம், பக்கத்து ரயில் நிலையம் எல்லாம் வேண்டும். கைபேசி எண் உங்களுடையது ஒன்று, எடுத்துப் பேசக்கூடிய வீட்டு ஆள் ஒருவருடையது ஒன்று. சிக்னல் இல்லாத ஊரில் உங்கள் எண் மட்டும் இருந்து என்ன பயன்?

லீவ் முடிந்தும் வராமல் இருப்பதும் அதே 39வது பிரிவில்தான் வருகிறது. தகுந்த காரணம் இல்லாவிட்டால் சட்டம் 3 ஆண்டு சிறை வரை அனுமதிக்கிறது. நடப்பில் ஓரிரு நாள் தாமதத்துக்கு அவ்வளவு தூரம் போவதில்லை. ஆனால் சம்பளம் பிடிபடும், தண்டனை ஏட்டில் ரெட் இங்க் என்ட்ரி விழலாம், பதவி உயர்வு நேரத்தில் அது எழுந்து வந்து நிற்கும். 30 நாள் தாண்டினால் கோர்ட் ஆஃப் என்கொயரி என்ற ராணுவ விசாரணைக் குழுவைக் கூட்டுவார்கள். அதற்கு முன்பே, நீங்கள் எழுதிக்கொடுத்த முகவரிக்கு உரிய காவல் நிலையத்துக்குப் பிடித்துத் தரச் சொல்லும் காகிதம் போய்விடும்.

நீட்டிப்பு வேண்டுமானால் விடுப்பு முடிவதற்கு முன்பே கேளுங்கள். போனில் நண்பரிடம் சொல்லி, அவர் ஹவில்தாரிடம் சொல்லி, அவர் "பார்த்துக்கலாம்" என்றால் அது நீட்டிப்பு ஆகாது. பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாக எடுத்துக்கொள்ளவே கூடாது. உடம்பு சரியில்லை என்றால் அருகில் உள்ள ராணுவ மருத்துவமனைக்குப் போங்கள். அசையவே முடியாத நிலை என்றால், தனியார் டாக்டரின் சீட்டை மட்டும் நம்பாமல், அரசு மருத்துவமனையில் சேர்ந்த அன்றே யூனிட்டுக்கும் அருகில் உள்ள ராணுவ நிலையத் தலைமையகத்துக்கும் தகவல் அனுப்பி, அனுப்பியதற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தை நியாயமில்லாமல் கிடப்பில் போட்டால் கம்பெனி கமாண்டரிடமும் பிறகு சி.ஓ.விடமும் இன்டர்வியூ கேட்கலாம். ராணுவச் சட்டத்தின் 26வது பிரிவு ஜவானுக்கு முறையிடும் வழியைத் தந்திருக்கிறது. அங்கேயும் முதலில் கேட்பது அந்த விண்ணப்பத்தின் நகலைத்தான்.

லீவிலிருந்து வந்து சேர்ந்ததும், போன தேதியும் வந்த தேதியும் உங்கள் சேவை விவரம் பதிவாகும் பார்ட் டூ ஆர்டரில் சரியாக ஏறியிருக்கிறதா என்று அந்த வாரமே பாருங்கள். 30 நாள் எடுத்தவருக்கு 40 என்று ஏறியிருந்தால், மிச்ச விடுப்பு கேட்கும்போதுதான் தெரியவரும். அதற்குள் அந்த கிளார்க் வேறு யூனிட்டுக்கு மாறிப் போயிருப்பார்.