எட்டு மோட்டாருக்கு ஒரே நேரம்: ஈதர்கேட் கடிகாரங்கள் சேர்ந்து ஓடும் விதம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாம்பழக் கூழ் ஆலைகளுக்குக் குறைவில்லை. அந்தக் கூழில் செய்த ஜூஸை அடைக்கும் பவுச்சின் ஃபிலிமை ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு ரோட்டோகிராவூர் மெஷினில் அச்சடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எட்டு யூனிட், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிலிண்டர், ஒரு நிறம். முன்பெல்லாம் மெஷினின் நீளத்துக்கும் ஒரே லைன் ஷாஃப்ட் ஓடும், எல்லா சிலிண்டரும் கியர் வழியாக அதிலிருந்தே சுழலும். இப்போது ஷாஃப்ட் கிடையாது. சிலிண்டருக்கு ஒரு சர்வோ மோட்டார், மோட்டாருக்கு ஒரு டிரைவ், டிரைவுகளை இணைப்பது ஈதர்கேட் என்ற தொழிற்சாலை நெட்வொர்க்கின் கேபிள்.

ஃபிலிம் நிமிடத்துக்கு 300 மீட்டர் ஓடினால் விநாடிக்கு 5 மீட்டர், அதாவது ஒரு மைக்ரோ விநாடிக்கு 5 மைக்ரான். நிறங்கள் 0.1 மி.மீ.க்குள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டுமென்றால், இரண்டு டிரைவுகளின் ‘இப்போது’ 20 மைக்ரோ விநாடிக்கு மேல் விலகக் கூடாது.

எல்லா டிரைவுக்கும் கட்டளை கொடுக்கும் கணினிக்கு மாஸ்டர் என்று பெயர். அது கட்டளையைச் சரியான நேரத்தில் அனுப்பினால் போதாதா? போதாது. ஒவ்வொரு டிரைவுக்குள்ளும் ஒரு கட்டுப்பாட்டுச் சுழற்சி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. 250 மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை என்று கொள்வோம். கட்டளை எப்போது வந்தாலும் அடுத்த சுழற்சி தொடங்கும்போதுதான் அது எடுத்துக்கொள்ளப்படும். அதனால் 250 மைக்ரோ விநாடி வரை தாமதம் வரலாம். 300 மீட்டர் வேகத்தில் அது 1.25 மி.மீ. இந்தத் தாமதம் நிலையாகவும் இருக்காது. இரண்டு டிரைவுகளின் கடிகாரங்களை ஓட்டும் கிரிஸ்டல்களுக்கு இடையே பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தால் விநாடிக்கு 20 மைக்ரோ விநாடி நழுவும். நிறம் மெல்ல நகர்ந்துகொண்டே போய், பன்னிரண்டரை விநாடியில் சட்டென்று பழைய இடத்துக்குத் தாவும். டிரைவுக்குள் இருக்கும் ஃபில்டர்கள் இதை ஓரளவு மழுப்பும், முழுதாக மறைக்காது.

இதற்குத்தான் டிஸ்ட்ரிபியூட்டட் கிளாக், அதாவது எல்லா டிரைவின் கடிகாரங்களையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவரும் ஏற்பாடு. அது வேலை செய்வது கேபிள் போட்ட விதத்தை நம்பி. கண்ணுக்கு எட்டு டிரைவும் ஒரு வரிசை: ஒன்றின் OUT-இலிருந்து அடுத்ததன் IN-க்கு. ஆனால் ஃபிரேம், அதாவது மாஸ்டர் அனுப்பும் தகவல் பொட்டலம், போவது ஒரு வளையத்தில். மாஸ்டர் அனுப்பும் ஒரே ஃபிரேம் எட்டு டிரைவையும் கடக்கும். கடக்கும்போதே ஒவ்வொரு டிரைவிலும் உள்ள ஈதர்கேட் சிப் தனக்கானதை எடுத்து, சொல்ல வேண்டியதை எழுதிவிடும். கடைசி டிரைவின் OUT-இல் எதுவும் செருகியிருக்காது என்பதால் அந்த போர்ட்டை சிப் தானே மூடி, ஃபிரேமைத் திருப்பிவிடும். அதே கேபிளின் இன்னொரு ஜோடி வயர் வழியாக ஃபிரேம் எல்லா டிரைவையும் மறுபடி தொட்டுத் திரும்பும். ஆக, ஒரே ஃபிரேமை ஒரு டிரைவ் போகும்போதும் வரும்போதும் இருமுறை பார்க்கிறது.

மாஸ்டர் சிப்புகளின் `0x0900` என்ற முகவரியில் உள்ள ரெஜிஸ்டரில் எழுதும் ஒரு ஃபிரேமை அனுப்பினால், ஒவ்வொரு சிப்பும் அது ஒவ்வொரு போர்ட்டிலும் நுழைந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளும். மூன்றாம் டிரைவில் போனதற்கும் திரும்பியதற்கும் இடையே 10,400 நானோ விநாடி, நான்காம் டிரைவில் 8,200 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 2,200. இது மூன்றிலிருந்து நான்குக்குப் போய்வரும் நேரம் என்பதால் ஒருவழிக்கு 1,100. கடிகாரங்கள் இன்னும் ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை என்றாலும் கணக்கு சரியாக வருவதைக் கவனியுங்கள். ஒவ்வொரு டிரைவும் தன் கடிகாரத்தில் எடுத்த இடைவெளியை மட்டும்தான் கேட்கிறோம். மணி என்ன என்று கேட்கவில்லை. அந்த 1,100-இல் கேபிளின் பங்கு சொற்பம், மீட்டருக்குச் சுமார் 5 நானோ விநாடிதான். மீதியைத் தின்பது சிப்பும் அதை ஒட்டிய போர்ட் மின்சுற்றும்.

இப்படிக் கூட்டிக்கொண்டே போய், முதல் டிரைவிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் என்பதை மாஸ்டர் `0x0928`-இல் எழுதும். அந்த முதல் டிரைவின் கடிகாரம்தான் எல்லோருக்கும் மூலக் கடிகாரம். அப்புறம் ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு ஃபிரேம் முதல் டிரைவின் நேரத்தைப் படித்து, போகிற போக்கில் மற்ற ஏழுக்கும் கொடுத்துவிட்டுப் போகும். வந்த நேரத்தோடு தாமதத்தைக் கூட்டித் தன் நேரத்தோடு ஒப்பிடும் சிப், முள்ளைச் சட்டென்று நகர்த்தாது. 10 நானோ விநாடிக்குப் 10 என்று எண்ணுவதை 9 என்றோ 11 என்றோ மாற்றி எண்ணி, மெல்ல ஒட்டிவரும்.

எட்டே டிரைவுள்ள மெஷினில் ஃபிரேம் கடக்கும் தாமதம் மொத்தமே ஏழெட்டு மைக்ரோ விநாடிதான். அதைத் திருத்தாவிட்டாலும் அச்சு கெட்டுவிடாது. மெஷினைக் காப்பாற்றுவது விடாமல் நடக்கும் இந்த 9-11 திருத்தமும், அதன்மேல் எழும் SYNC0 துடிப்பும்தான் என்பது என் கருத்து. எட்டு சிப்பும் ஒரே கணத்தில் SYNC0 கொடுக்க, டிரைவுகள் தங்கள் உள்சுழற்சியை அந்தத் துடிப்போடு பூட்டிக்கொள்கின்றன. ஃபிரேம் கொஞ்சம் முன்னே பின்னே வந்தாலும் பரவாயில்லை, SYNC0-க்கு முன் வந்தால் சரி.

மாஸ்டரும் தன் டைமரை முதல் டிரைவின் கடிகாரத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். இதை விட்டுவிட்டால் வரும் கோளாறை அடையாளம் காண்பது சுலபம். சுழற்சி 1 மில்லி விநாடி, விலகல் விநாடிக்கு 20 மைக்ரோ விநாடி என்றால், 50 விநாடிக்கு ஒருமுறை ஃபிரேம் SYNC0-ஐத் தாண்டி விழும். டிரைவ் ஒத்திசைவுப் பிழைக்கான `0x001A` குறியீட்டைக் காட்டி நிற்கும். தவறு ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் கேபிளைச் சந்தேகிக்காதீர்கள், இரண்டு கடிகாரங்கள் தனித்தனியாக ஓடுகின்றன.

கேபிளைச் சந்தேகிக்க வேண்டிய இடம் வேறு. நைட் ஷிஃப்டில் மூன்றாம் டிரைவைக் கழற்றி மாட்டும்போது IN, OUT இரண்டும் இடம் மாறிவிட்டன என்று கொள்வோம். லிங்க் விளக்கு எரியும், ஃபிரேமும் ஓடும். ஆனால் சிப்பில் ஃபிரேமைப் படிக்கும் பகுதி IN-ஐ அடுத்து மட்டுமே இருக்கிறது. போகும்போது மூன்றாம் டிரைவ் படிக்காது, திரும்பும்போதுதான் படிக்கும். ஆகவே மாஸ்டரின் எண்ணிக்கையில் அது எட்டாவதாகிவிட, நான்கு மூன்றாகிறது, எட்டு ஏழாகிறது. எல்லாம் ஒரே மாடல் என்பதால் மாடல் எண் சோதனையும் தேறிவிடும். ஒரு சிலிண்டருக்கான கட்டளை இன்னொன்றுக்குப் போகும். தாமதக் கணக்கும் பிசகும். சில மாஸ்டர்கள் இதைக் கண்டுபிடித்து எச்சரிக்கும். ஆனாலும் ஒவ்வொரு டிரைவுக்கும் சுவிட்சில் தனி எண் வைத்து, மாஸ்டர் அதைச் சரிபார்க்கும்படி செய்வதுதான் நல்லது.

நிறம் விலகும்போது, அது கடிகாரத்தின் வேலையா மெக்கானிக்கல் கோளாறா என்பதை வேகத்தை மாற்றிப் பார்த்தே சொல்லலாம். சிலிண்டரைத் தவறான கோணத்தில் மாட்டியிருந்தால் விலகல் 60 மீட்டர் வேகத்திலும் 300 மீட்டரிலும் ஒன்றே. நேரப் பிழை என்றால் ஐந்து மடங்காகும், 60-இல் 0.1 மி.மீ. விலகியது 300-இல் 0.5. ஃபிலிமின் இழுவிசையும் வேகத்தோடு மாறக்கூடியதுதான், அதனால் அடுத்த படியாக அந்த டிரைவின் `0x092C`-ஐப் படியுங்கள். மூலக் கடிகாரத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் நானோ விநாடியில் இருக்கும். சில பத்துகளில் ஆடினால் கடிகாரம் நலம், ஃபிலிம் பக்கம் போகலாம். படிக்கும்போது ஒன்று: அதன் உச்ச பிட் குறியை மட்டும் சொல்கிறது, மீதி 31 பிட்டும் அளவு. `0x80000014` என்றால் 20 நானோ விநாடி பின்தங்கியிருக்கிறது, அவ்வளவே. அதைச் சாதாரண முழு எண்ணாகக் காட்டும் திரையில் -2147483628 என்று வரும், பயப்பட வேண்டாம்.