முப்பது நொடியில் ஒரு புதிய சேவையைச் சொல்வது எப்படி?

ஒரு நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவு, ஊழியர்கள் மறந்துபோன பாஸ்வேர்டைத் தாங்களே மாற்றிக்கொள்ளும் சேவை ஒன்றை உருவாக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கூட்டம் முடிந்து அடுத்த கூட்டத்துக்குப் போகும் நிதித்துறைத் தலைவரிடம் அதைச் சொல்ல அரை நிமிடம்தான் கிடைக்கும். நிதானமாகப் பேசினால் அந்த நேரத்தில் ஏறத்தாழ நாற்பது தமிழ்ச் சொற்களைச் சொல்லலாம்.

அவர் காது கொடுத்தாலும் மனம் முழுவதுமாக நம்மிடம் வந்திருக்காது. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். மேலும், மனம் ஒரே நேரத்தில் ஏந்தி வைத்திருக்கக்கூடிய புதிய செய்திகள் ஏறத்தாழ நான்குதான் என்பது உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் முன்வைத்த கணிப்பு. எனவே சேவையின் பெயரையும் அது இயங்கும் மென்பொருளையும் முதலில் சொன்னால், அவருக்குப் பயன்படாத செய்திகளே அந்த இடத்தை அடைத்துக்கொள்கின்றன. அவர் ஏற்கெனவே அறிந்த ஒரு சிக்கலில் தொடங்கினால், புதிதாக ஏந்த வேண்டியது குறைகிறது.

பாஸ்வேர்டு மறந்துபோனதற்காகத் தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்கு மாதம் 600 அழைப்புகள் வருகின்றன, ஒவ்வொன்றிலும் ஊழியரின் வேலை 15 நிமிடம் தடைப்படுகிறது என்றால், மொத்தம் 150 மணி நேரம். இம்மூன்று எண்களில் கடைசி எண்ணை மட்டும் சொல்வது நல்லது. மற்ற இரண்டும் அவர் கேட்டால் சொல்வதற்கு.

“சார், பாஸ்வேர்டு மறந்துபோவதால் மட்டும் மாதம் நூற்றைம்பது மணி நேரம் நம் ஊழியர்களின் வேலை நிற்கிறது. எங்களுக்கு போன் செய்து காத்திருக்காமல், செல்போனுக்கு வரும் ஓடிபியை வைத்து அவர்களே மாற்றிக்கொள்ள ஒரு சேவை தயாராக இருக்கிறது. கணக்குப் பிரிவில் ஒரு மாதம் நடத்திப் பார்க்க உங்கள் அனுமதி வேண்டும்.”

இதைப் பதற்றமில்லாமல் சொல்ல அரை நிமிடம் தாராளமாகப் போதும். மிச்சமிருக்கும் நொடிகளில் இன்னொரு சிறப்பைச் சேர்க்கத் தோன்றும். சேர்க்காமல், முதல் வாக்கியத்துக்குப் பின் சற்று நிறுத்துவதே மேல், ஏனெனில் அவர் கவனம் திரும்பி வர அந்த இடைவெளி இடம் தரும். 150 மணி நேரத்தைச் சம்பளக் கணக்கில் பெருக்கி ‘இவ்வளவு ரூபாய் மிச்சம்’ என்று சொல்வதையும் தவிர்க்க வேண்டும். அந்த நேரம் மிச்சமானாலும் சம்பளச் செலவு குறையாது என்பதை நிதித்துறைத் தலைவர் உடனே கண்டுகொள்வார். பிறகு மற்ற எண்களையும் அவர் நம்பமாட்டார்.

ஒத்திகையை வேறு பிரிவில் உள்ள ஒருவரிடம் வைத்துக்கொள்ளலாம். சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் கழித்து, நினைவில் இருப்பதைச் சொல்லுமாறு கேட்க வேண்டும். நூற்றைம்பது மணி நேரமும் கணக்குப் பிரிவும் அவர் வாயிலிருந்து வந்தால் பேச்சு சரியாக அமைந்திருக்கிறது. ஓடிபி மட்டுமே வந்தால் இரண்டாவது வாக்கியத்தைக் குறைக்க வேண்டும். தலைவரிடம் பேசிய பின் “இது எதற்கு?” என்ற கேள்வி வந்தால், சிக்கல் அவரைச் சென்றடையவில்லை. “ஓடிபி பாதுகாப்பானதா?”, “யார் பொறுப்பு?” என்று அவர் கேட்டால், அனுமதி தரலாமா என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார் என்று பொருள்; அதற்கான பதில்கள் அப்போதே கையில் இருக்க வேண்டும்.