சீனத்து பாட்டில் சீனாவிலிருந்துதான் வந்ததா?

கடற்கரைக் குப்பையை எண்ணுவதும் என் வேலையில் சேர்த்தி. 100 மீட்டருக்குக் கயிறு கட்டி, அதற்குள் கிடப்பதையெல்லாம் பொறுக்கி வகை பிரிப்போம். வெளிநாட்டு எழுத்துள்ள பாட்டில் கிடைத்துவிட்டால், கூட வரும் மாணவர்களுக்குக் குஷி. "எவ்வளவு தூரம் மிதந்து வந்திருக்கு பாருங்க சார்!" ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது நான் முதலில் பார்ப்பது மூடியையும் தேதியையும்தான்.

மூடி ஏன்? தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக் கடல்நீரைவிடக் கனமானது. மூடி இல்லாவிட்டால் நீர் புகுந்து, விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே மூழ்கிவிடும். இறுக மூடியிருந்தால் உள்ளே இருக்கும் காற்று மிதக்கவைக்கும். மூடி மட்டும் தனியாக விழுந்தாலும் மிதக்கும், அது வேறு வகை பிளாஸ்டிக்.

மிதப்பது எங்கே போகும்? வெப்பமண்டலத்தில் காற்று கிழக்கிலிருந்து வீசுகிறது, அதற்கு அப்பால் உள்ள மிதவெப்பப் பகுதியில் மேற்கிலிருந்து வீசுகிறது. பூமி சுழல்வதால், காற்று தள்ளும் மேல்நீர் நேராகப் போகாமல் வட கோளத்தில் வலப்பக்கமும் தென் கோளத்தில் இடப்பக்கமும் விலகும். இரண்டு காற்றும் சேர்ந்து நீரை நடுப்பகுதிக்கே ஒதுக்குகின்றன. அதைச் சுற்றி ஓடும் பெரிய நீரோட்டம்தான் பெருஞ்சுழல். இப்படி ஐந்து உண்டு. நடுவில் குவியும் நீர் மெல்லக் கீழே இறங்கிவிடும். மிதக்கும் குப்பையால் இறங்க முடியாது, அங்கேயே தங்கிவிடும்.

அதைப் 'பிளாஸ்டிக் தீவு' என்று எழுதுவது எனக்கு எரிச்சல். 2018இல் வெளியான கணக்கின்படி, ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் இடையிலான பசிபிக் குப்பைத் திட்டின் பரப்பு 16 லட்சம் சதுர கிலோமீட்டர், அதில் மிதக்கும் பிளாஸ்டிக் சுமார் 79,000 டன். வகுத்துப் பாருங்கள், ஏக்கருக்கு 200 கிராம்தான் வரும். அதிலும் பாதிக்குச் சற்றுக் குறைவான எடை மீன்வலை. கப்பலிலிருந்து பார்த்தால் பெரும்பாலும் வெறும் கடல்தான் தெரியும். அங்கே எடுத்த பொருட்களில் தேதி படிக்க முடிந்தவை 50. அவற்றில் ஒன்று 1977ஆம் ஆண்டைச் சேர்ந்தது, 2010ஐச் சேர்ந்ததும் ஒன்றே ஒன்று. அதாவது சுழலின் நடுவே கிடப்பது பழைய சரக்கு.

இதை மனதில் வைத்துக்கொண்டு தென் அட்லாண்டிக்குக்கு வாருங்கள். அங்கே ஆள் குடியில்லாத 'இன்அக்சஸிபிள்' என்ற தீவு இருக்கிறது. கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ரையன் குழு 1980களிலிருந்து அதன் கரையில் ஒதுங்கும் பாட்டில்களை எண்ணிவருகிறது. அன்று மூன்றில் இரண்டு பங்கு தென் அமெரிக்க பாட்டில்கள். இதில் ஆச்சரியமில்லை, மேற்குக் காற்றும் நீரோட்டமும் அங்கிருந்துதான் வருகின்றன. 2018இல் முக்கால்வாசி ஆசிய பாட்டில்கள், பெரும்பாலும் சீனத்தவை.

ஆசியக் கரையில் விழுந்தது இந்தியப் பெருங்கடலைக் கடந்து, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி அங்கே போய்ச் சேரப் பல ஆண்டுகள் ஆகும். ஆனால் அந்த 2018 பயணத்தின்போது புதிதாக ஒதுங்கிய பாட்டில்களில் பெரும்பாலானவை தயாராகி 2 ஆண்டுகூட ஆகாதவை. அப்படியானால் அவை ஆசியாவிலிருந்து மிதந்து வந்திருக்க முடியாது. பக்கத்தில் போன கப்பல்களிலிருந்து வீசப்பட்டவை என்று அந்தக் குழு முடிவு செய்தது. இத்தனைக்கும் கப்பலிலிருந்து பிளாஸ்டிக் கொட்டுவதற்கு 1988 டிசம்பர் முதல் சர்வதேசத் தடை இருக்கிறது. 2019இல் இது வெளியான பிறகுதான் நானும் என் பழைய பதிவேடுகளை எடுத்து, 'வெளிநாடு' என்று எழுதியிருந்த இடங்களில் கேள்விக்குறி போட்டேன்.

இதில் ஒரு கண்ணி உண்டு. புதிய தேதி நீண்ட பயணத்தை மறுக்கும், ஆனால் பழைய தேதி நீண்ட பயணத்துக்குச் சாட்சி ஆகாது. ஐந்து வருடம் எங்கோ மூலையில் கிடந்துவிட்டுப் போன வாரம் கடலில் விழுந்திருக்கலாம். அதற்குத்தான் கொட்டலசைப் பார்க்கிறோம், மிதக்கும் பொருட்களிலும் கப்பல் அடியிலும் ஒட்டி வளரும் சின்ன ஓட்டு உயிரி அது. தண்டோடு தொங்கும் வகை ஒட்டியிருந்தால், அது வளர்ந்திருக்கும் அளவை வைத்துக் குறைந்தது எத்தனை வாரம் மிதந்தது என்று ஊகிக்கலாம்.

நம் கரையில் விஷயம் இன்னும் சிக்கல். வங்காள விரிகுடாவில் பருவத்துக்குப் பருவம் காற்று மாறும், கூடவே நீரோட்டமும் திசை மாறும். அதனால் பசிபிக் போல ஒரு நிலையான குப்பைத் திட்டு இங்கே சேர்வதில்லை, மிதப்பது ஏதோ ஒரு கரையில் ஏறிவிடும். மலாக்கா பக்கத்திலிருந்து நமக்கு வரப் பல ஆண்டுகள் தேவையில்லை, எனவே புதிய தேதியை வைத்துக் கப்பலா கரையா என்று இங்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆகவே எங்கள் தாளில் இப்போது தவறாமல் நிரப்பும் கட்டங்கள் நான்கு: எழுத்து, தேதி, மூடி, கொட்டலசு. 'எங்கிருந்து' என்ற கட்டத்தைப் பெரும்பாலும் காலியாகவே விடுகிறோம்.