விளிம்பைத் தாண்டிய பிறகும் ஜம்ப் கொடுங்கள்

"அண்ணா, கேம்ல ஒண்ணும் தப்பில்ல. விளையாடுறவங்களுக்குத்தான் டைமிங் வரல."

பிளாட்ஃபார்மர் கேம் செய்து என்னிடம் காட்ட வரும் தம்பி தங்கைகளிடம் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கடைசியாக வந்த பில்டிலும் அதே கதைதான். விளையாடிப் பார்த்தவர்கள் ஆளாளுக்கு ஒரே குறையைச் சொல்கிறார்கள்: "பட்டனை அழுத்தினேன், ஜம்ப் ஆகல." செய்தவர் புரோகிராம் கோடைத் திறந்து காட்டுகிறார். கால் தரையில் இருந்தால் ஜம்ப், இல்லாவிட்டால் இல்லை. சரி, கோடில் பிழை இல்லைதான். ஆனால் விளையாடியவரும் பொய் சொல்லவில்லை.

வாக்குவாதம் செய்வதை நான் நிறுத்திவிட்டேன். ஒரே ஒரு வேலை சொல்கிறேன்: பாத்திரம் காற்றில் இருக்கும்போது ஜம்ப் பட்டன் அழுத்தப்பட்டு, ஜம்ப் மறுக்கப்பட்டால், தரையை விட்டு எவ்வளவு நேரம் ஆனது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். கேம் தெரியாத ஒருவரைக் கொஞ்ச நேரம் விளையாட விடுங்கள். அப்புறம் அந்த எண்களைப் பாருங்கள். 0.03, 0.05, 0.02 என்று 0.1 செகண்டுக்குக் கீழே குவிந்து கிடந்தால், அவருக்கு டைமிங் நன்றாகவே இருக்கிறது. அவர் விளிம்பில்தான் அழுத்தியிருக்கிறார். உங்கள் கேம்தான் அதை ஏற்கவில்லை.

ஏன் இப்படி ஆகிறது? விளையாடுகிறவர் பார்ப்பது கேமின் இப்போதைய நிலையை அல்ல, சற்று முந்தைய நிலையை. கேம் படத்தை வரைந்து, திரை அதைக் காட்டி, பிறகு அவர் அழுத்தியது கேமுக்குள் போய்ச் சேர்வதற்குள் 50 மில்லிசெகண்ட் கழிவது சாதாரணம். டிவியில் கேம் மோட் போடாவிட்டால் இன்னும் கூடும். பாத்திரம் செகண்டுக்கு 90 பிக்சல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 மில்லிசெகண்டில் அது நாலரை பிக்சல் போய்விடும். திரையில் கால் விளிம்பில் நிற்கிறது, அவர் அழுத்துகிறார். கேமின் கணக்கிலோ பாத்திரம் ஏற்கெனவே பள்ளத்துக்கு மேலே இருக்கிறது. தன் கண்ணை நம்பியவருக்குத் தண்டனை கிடைக்கிறது.

இந்த இடைவெளியை ஈடுகட்டத்தான் கயோட்டி டைம். பெயர் லூனி டூன்ஸ் கார்ட்டூனில் பாறை விளிம்பைத் தாண்டியும் காற்றில் ஓடும், ஓநாய் போன்ற கயோட்டியிடமிருந்து வந்தது. தரையை விட்ட பிறகும் ஒரு சின்ன நேரத்துக்கு ஜம்ப் செல்லும், அவ்வளவுதான்.

இங்கேதான் எனக்கு மிகவும் எரிச்சல் வரும் பேச்சு தொடங்கும். "இது ஏமாத்து வேலை இல்லையா?", "நம்ம கேம் ஹார்ட்கோர், இதெல்லாம் சின்னப் பசங்க கேமுக்கு." செலெஸ்ட் கேமைப் பாருங்கள். 2018-ல் வந்தது, கடினமானது என்று பெயர் வாங்கியது. அதன் பாத்திரத்துக்கான கோடைச் செய்தவர்களே பொதுவில் வைத்திருக்கிறார்கள். அதில் JumpGraceTime என்று ஒரு மாறிலி, மதிப்பு 0.1 செகண்ட். செகண்டுக்கு 60 ஃபிரேமில் ஓடும் கேமில் அது ஆறு ஃபிரேம். பாத்திரத்தின் சாதாரண ஓட்ட வேகம் நான் மேலே சொன்ன அதே 90 பிக்சல். ஆக விளிம்பைத் தாண்டி 9 பிக்சல் வரை ஜம்ப் கிடைக்கும். அந்தக் கேமில் ஒரு டைல், அதாவது லெவலைக் கட்டும் சதுரக் கட்டம், 8 பிக்சல். அதாவது ஒரு முழு டைலுக்கும் சற்று அதிகமாக உங்களைக் காற்றில் நடக்க விடுகிறார்கள், நீங்கள் கவனிக்கவே இல்லை. அந்தக் கேமில் கஷ்டம் எங்கே இருக்கிறது? எந்த வழி போவது, எப்போது டேஷ் அடிப்பது, அடுத்த முள்ளை எப்படித் தவிர்ப்பது என்பதில். ஒரு பிக்சல் முன்னே பின்னே என்பதில் இல்லை. கயோட்டி டைமை எடுத்துவிட்டால் கேம் கடினமாகாது, நம்ப முடியாததாகும். தோற்றவர் "நான் தப்பு பண்ணிட்டேன்" என்று மறுபடி ஆரம்பிப்பதற்கும், "கேம் சரியில்ல" என்று கன்ட்ரோலரைக் கீழே வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. கஷ்டம் வேண்டுமென்றால் லெவலில் வையுங்கள், பட்டனில் வைக்காதீர்கள்.

அதற்காக வாரி வழங்கவும் வேண்டாம். இதே வேகத்தில் 0.2 செகண்ட் கொடுத்தால் 18 பிக்சல், இரண்டு டைலுக்கும் மேல். காற்றில் நடப்பது வெறும் கண்ணுக்கே தெரிந்துவிடும். ஓட்ட வேகத்தை அந்த நேரத்தால் பெருக்கி, எத்தனை பிக்சல் ஆகிறது என்று பார்த்துவிட்டு எண்ணை முடிவு செய்யுங்கள்.

கோடாட் கேம் எஞ்சினில் இதன் எலும்புக்கூடு இவ்வளவுதான்:

```gdscript
if is_on_floor() and velocity.y >= 0:
    coyote = 0.1
else:
    coyote -= delta

velocity.y += gravity * delta

if Input.is_action_just_pressed("jump") and coyote > 0:
    velocity.y = -jump_speed
    coyote = 0
```

சின்னக் கோட்தான், ஆனால் தடுக்கி விழ இடம் நிறைய இருக்கிறது. நான் அடிக்கடி பார்ப்பது, velocity.y-க்கு மதிப்பை வைக்காமல் ஏற்கெனவே இருப்பதோடு கூட்டிவிடுவது. செலெஸ்ட்டின் எண்களையே போட்டுப் பாருங்கள். ஈர்ப்பு 900, ஜம்ப் வேகம் 105. விளிம்பை விட்டு 0.1 செகண்ட் ஆகும்போது பாத்திரம் 90 வேகத்தில் கீழே போய்க்கொண்டிருக்கும். அதோடு ஜம்பைக் கூட்டினால் மேலே போக மிச்சம் 15 மட்டும். அழுத்தம் ஏற்கப்பட்டது, சத்தம் வந்தது, அனிமேஷனும் ஓடியது, பாத்திரம் ஒரு விக்கல் விக்கிவிட்டு விழுந்தது. ஜம்பே மறுக்கப்பட்டிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. விழும் வேகத்தை அழித்துவிட்டு ஜம்ப் வேகத்தை வையுங்கள்.

ஜம்ப் ஆனதும் coyote-ஐப் பூஜ்ஜியமாக்க மறந்தால், வேகமாக இரண்டு முறை தட்டுகிறவருக்கு இலவசமாக ஒரு டபுள் ஜம்ப் கிடைக்கும். பூஜ்ஜியமாக்கியும் இது வருகிறது என்றால், தரையைச் சோதிக்க நீங்களே கீழ்நோக்கி ஒரு ரே, அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒரு சோதனைக் கோடு, போட்டிருப்பீர்கள். எழும்பிய முதல் ஃபிரேமிலும் அது தரையைத் தொட்டு, டைமரை மறுபடி நிரப்பிவிடுகிறது. கோடாட்டில் பாத்திரம் எழும்பும்போது velocity.y பூஜ்ஜியத்துக்குக் கீழே இருக்கும்; மேலே velocity.y >= 0 என்ற நிபந்தனை அதற்காகத்தான்.

இன்னொன்று, தயவுசெய்து ஃபிரேமை எண்ணாதீர்கள். ஆறு ஃபிரேம் என்று எழுதி வைத்து, திரை புதுப்பிக்கும்போதெல்லாம் ஒன்றைக் கழித்தால், 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவருக்குக் கிடைப்பது வெறும் 0.04 செகண்ட். "எனக்கு வேலை செய்யுது, அவருக்கு மட்டும் ஆகல" என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

அடுத்தது ஜம்ப் உயரம். அழுத்திப் பிடித்தால் உயரமாக, தட்டிவிட்டால் தாழ்வாக. 1985-ன் சூப்பர் மரியோ பிரதர்ஸ் காலத்திலிருந்தே கைகள் இதற்குப் பழகிவிட்டன. நிலையான உயரம் வைத்தால் கேம் கெட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை. 1986-ல் வந்த காசில்வேனியாவில் உயரம் மாறாது, காற்றில் திசையும் மாறாது. அதற்கேற்ப லெவல்களைக் கட்டினார்கள், எடுபட்டது. ஆனால் தாழ்ந்த கூரையில் முள்ளை வைத்துவிட்டு, தட்டினாலும் பிடித்தாலும் ஒரே உயரம் போகும் ஜம்பையும் கொடுத்தால், அதை நான் ஏற்க மாட்டேன்.

செலெஸ்ட்டில் பட்டனைப் பிடித்திருக்கும்வரை, அதிகபட்சம் 0.2 செகண்டுக்கு, மேலே போகும் வேகம் 105-லிருந்து குறையாது. அதிலேயே 21 பிக்சல். அப்புறம் ஈர்ப்பு இழுக்க இன்னும் ஏழு பிக்சல் போய் நிற்கும். உச்சிக்குப் பக்கத்தில், வேகம் 40-க்குக் கீழே வரும்போது பட்டன் பிடியில் இருந்தால் ஈர்ப்பைப் பாதியாக்குகிறார்கள்; அந்த இடத்தில் பாத்திரம் கொஞ்சம் மிதக்கும், எங்கே இறங்குவது என்று பார்க்க அவகாசம் கிடைக்கும். மொத்தம் சுமார் 28 பிக்சல், மூன்றரை டைல். சட்டென்று தட்டிவிட்டால் ஏறக்குறைய ஒரு டைல்தான். இத்தனை பெரிய வீச்சு ஒரே பட்டனில்.

பெரும்பாலானவர்கள் எளிய வழியில் போகிறார்கள்: பட்டனை விட்டதும் மேல்நோக்கிய வேகத்தைப் பாதியாக்குவது. தப்பில்லை. ஆனால் வேகத்தைப் பாதியாக்கினால் மிச்ச உயரம் பாதியாகாது, கால்வாசியாகும் என்பது நினைவில் இருக்கட்டும். இந்த வேக வெட்டும் ஒருமுறைதான் நடக்க வேண்டும், பட்டனை விட்ட அந்தக் கணத்தில். "பட்டன் அழுத்தப்படவில்லை" என்று ஒவ்வொரு ஃபிரேமிலும் சோதித்து வெட்டினால், பாத்திரம் கண்ணுக்குத் தெரியாத கூரையில் முட்டியதுபோல் நிற்கும். ஸ்பிரிங் பலகைமேல் சும்மா நடந்து போனவரையும் அது தூக்கி எறியாமல் பாதியில் விட்டுவிடும், அவர் பட்டனையே தொடவில்லை என்பதால். வெட்டு ஜம்புக்கு மட்டும் சேரட்டும், எல்லா மேல்நோக்கிய வேகத்துக்கும் வேண்டாம்.

இதில் ஒரு பிழை ரொம்ப நாள் ஒளிந்திருக்கும். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் அழுத்தினாலும் நினைவில் வைத்து, தொட்டதும் தாவ விடும் ஜம்ப் பஃபரை நீங்கள் போட்டிருக்கலாம், போடவும் வேண்டும். ஒருவர் இறங்கும்போது சின்ன ஜம்புக்காகத் தட்டுகிறார். தரையைத் தொடுவதற்குள் விரலையும் எடுத்துவிட்டார். தரையைத் தொட்டதும் ஜம்ப் நடக்கிறது, ஆனால் விட்ட கணம் ஏற்கெனவே கடந்துபோனதால் வெட்டு நடக்கவே இல்லை. குட்டி ஜம்ப் கேட்டவர் முழு உயரத்துக்குப் போய் முள்ளில் மோதுகிறார். விளையாடியவருக்கும் சொல்லத் தெரியாது, உங்களுக்கும் புரியாது. பஃபரிலிருந்து ஜம்ப் எடுக்கும் இடத்தில் பட்டன் இன்னும் பிடியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே வெட்டிவிடுங்கள்.

கடைசியாக, லெவல் போடுபவரிடம் இதைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். கயோட்டி டைம் வந்ததும் ஜம்ப் தூரம் ஒரு டைல் கூடிவிட்டது என்று அவர் கண்டுபிடிப்பார், பள்ளங்களை அந்த அளவுக்கு நீட்டவும் செய்வார். அப்படிச் செய்தால் விளிம்பைத் தாண்டி அழுத்துவது கட்டாயமாகிவிடும். அந்தக் கையால் கொடுத்த சலுகையை இந்தக் கையால் பிடுங்கிக்கொண்டதாக ஆகும். பள்ளத்தை அளக்கும்போது coyote மதிப்பைப் பூஜ்ஜியமாக்கிவிட்டு அளக்கச் சொல்லுங்கள். விளிம்புக்கு இரண்டு மூன்று பிக்சல் முன்னாலேயே எழும்பினாலும் மறுபக்கம் போய்ச் சேர முடிகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு 0.1-ஐத் திரும்பப் போடுங்கள்.