தபாலாபீசில் இருந்தேனா, தபால் பைக்குள் இருந்தேனா?

நான் ரஷ்ய மொழி கற்ற வகுப்பில் பக்கத்து நாற்காலியில் ஓர் ஆங்கிலேயர் உட்காருவார். நேற்று என்ன செய்தீர்கள் என்று ஆசிரியை கேட்டார். "தபாலாபீசில் இருந்தேன்" என்று சொல்ல நினைத்து "யா பில் வ் போச்தெ" என்றார் அவர். ஆசிரியை முகத்தில் சிரிப்பில்லாமல், "அப்படியா, தபால்தலை ஒட்டினார்களா?" என்று திருப்பிக் கேட்டார். அந்த வாக்கியம் ரஷ்யக் காதில் கிட்டத்தட்ட "நான் தபாலுக்குள் இருந்தேன்" என்று விழுகிறது. சொல்லியிருக்க வேண்டியது "நா போச்தெ".

"வ்", "நா" இரண்டும் ரஷ்ய மொழியின் மிகச் சின்னச் சொற்கள். பாடநூல் முதல் வாரத்திலேயே சொல்லிவிடும்: "வ்" என்றால் உள்ளே, "நா" என்றால் மேலே. பெட்டிக்குள், மேசைமேல். அதோடு விட்டிருந்தால் யாருக்கும் தொல்லை இருந்திருக்காது. இடப்பெயர் வந்ததும்தான் வம்பு. பள்ளியில் என்பதற்கு "வ் ஷ்கோலெ", கடையில் என்பதற்கு "வ் மகஸீனெ". ஆனால் தொழிற்சாலையில் என்றால் "நா ஸவோதெ", ரயில் நிலையத்தில் என்றால் "நா வக்சாலெ", வேலையில் என்றால் "நா ரபோதெ". தொழிற்சாலைக்கும் சுவரும் கூரையும் இருக்கின்றனவே, யாரும் அதன் கூரைமேல் ஏறி நின்று வேலை செய்வதில்லையே?

ஆங்கிலேயர் இடறுவதற்குக் காரணம் அவர்களுடைய "அட்" என்ற சொல். பள்ளி, தபாலாபீஸ், ரயில் நிலையம், கச்சேரி, வேலை எல்லாவற்றுக்கும் அவர்கள் அந்த ஒரே "அட்"டைப் போடுகிறார்கள். அது இடத்தை வரைபடத்தில் குத்திய புள்ளியாகப் பார்க்கிறது. புள்ளிக்கு உள்ளும் கிடையாது, மேலும் கிடையாது. ரஷ்ய மொழியில் அப்படி ஒரு புள்ளிச் சொல் இல்லை. பேசுகிறவர் ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும். எந்தப் பக்கம் என்று தெரியாத ஆங்கிலேயர், கட்டடம்தானே என்று நினைத்து "வ்"வைப் போட்டுவிடுகிறார். நமக்கும் இதே வம்புதான். பள்ளியில், தபாலாபீசில், கச்சேரியில் என்று நம்முடைய "இல்" எல்லாவற்றையும் ஒரே கோணியில் கட்டிவிடுகிறது. போதாததற்கு ரஷ்ய மொழியை நம்மில் பலர் ஆங்கிலப் புத்தகம் வழியாகத்தான் படிக்கிறோம்.

சரி, ரஷ்யர் எதை வைத்துத் தீர்மானிக்கிறார்? உள்ளே, மேலே என்பதை விட்டுவிட்டு, கொள்கலம், களம் என்று நினைத்துப் பார்த்தால் பாதி விஷயம் தெளிவாகிறது. எல்லை போட்டு அடைத்த இடமாகத் தெரிந்தால் "வ்". ஒன்று நடக்கும் களமாகத் தெரிந்தால் "நா". போர்க்களம், ஆடுகளம் என்கிறோமே, அந்தக் களம். அதனால்தான் நிகழ்ச்சிகள் எல்லாமே "நா" பக்கம் போய்விடுகின்றன: கச்சேரியில், பாடவேளையில், தேர்வில், போரில். கட்டடத்தை நினைத்தால் "வ் தியாத்ரெ", அதாவது நாடக அரங்கில். அதே கட்டடத்தில் நடக்கும் நாடகத்தை நினைத்தால் "நா ஸ்பெக்தாக்லெ". ஆள் நகரவில்லை, நாற்காலியும் மாறவில்லை, சொல் மட்டும் மாறிவிட்டது.

வெளிநாட்டு மாணவர்களுக்கு இதில் தினமும் அடி விழும் இடம் ஒன்று உண்டு. பல்கலைக்கழகத்தில் என்பதற்கு "வ் உனிவெர்சித்யேதெ". அந்தப் பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் புலத்தில் என்பதற்கு "நா ஃபகுல்த்யேதெ". முதலாம் ஆண்டில் என்பதற்கு "நா பெர்வம் கூர்செ". பெரியது கொள்கலம், அதற்குள் இருக்கும் சிறியவை களங்கள். மருத்துவம் படிக்கப் போன நம் பிள்ளைகள் தங்களை அறிமுகம் செய்துகொள்ளும் முதல் வாக்கியத்திலேயே இரண்டு சொல்லும் வந்துவிடும்.

தவறான சொல்லைப் போட்டால் வாக்கியம் வெறுமனே உடைந்துபோனால்கூடப் பரவாயில்லை. பல சமயம் அதற்கு வேறு பொருள் கிடைத்துவிடுகிறது. "வ் போச்தெ" என்று ரஷ்யரும் இன்று சொல்கிறார்கள், மின்னஞ்சல் பெட்டியில் தேடிப் பார் என்று சொல்லும்போது. "வ் ரபோதெ" என்றும் சொல்கிறார்கள். கொடுத்த ஆர்டர் இப்போது கையில் இருக்கிறது, வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஒரு மனிதர் தாம் அலுவலகத்தில் இருப்பதாகச் சொல்ல நினைத்து அதைச் சொன்னால், அவரையே யாரோ பழுதுபார்க்க எடுத்துவைத்திருப்பது போலக் கேட்கும். "நா மோரெ" என்றால் கடற்கரைக்கு விடுமுறை போயிருக்கிறார். "வ் மோரெ" என்றால் கரையை விட்டுக் கடலுக்குள் போய்விட்டார், கப்பலிலோ நீந்தியோ. வீட்டில் காத்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல.

எனக்குப் பிடித்த உதாரணம் பஸ். "பஸ்ஸில் வந்தேன், பஸ்ஸில் குடையை மறந்துவிட்டேன்" என்று நாம் சொல்வோம், இரண்டுக்கும் ஒரே "இல்". ரஷ்யர் முதலாவதற்கு "நா அஃப்தோபூசெ" என்பார், ஏனென்றால் அங்கே பஸ் வந்துசேர்ந்த வழி. இரண்டாவதற்கு "வ் அஃப்தோபூசெ" என்பார், குடை கிடப்பது அந்தத் தகரக் கூட்டுக்குள். குடையைத் தேடிப் போகிறவர் முதல் சொல்லைப் போட்டால், டிப்போக்காரர் பஸ்ஸின் கூரையைப் பார்க்கச் சொன்னாலும் ஆச்சரியமில்லை.

களம், கொள்கலம் கணக்கு எல்லா இடத்திலும் உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரயில் நிலையத்துக்கு "நா", விமான நிலையத்துக்கு மட்டும் "வ்". இரண்டிலும் பெட்டியோடு வரிசையில்தான் நிற்கிறோம். இங்கே சொல்லின் குடும்பத்தைப் பார்க்க வேண்டும். விமான நிலையத்தின் பெயர் "ஏரோபோர்த்". துறைமுகத்தைக் குறிக்கும் "போர்த்" அதற்குள் இருக்கிறது. துறைமுகம் "வ்" வாங்கும் சொல், "வ் போர்த்தூ". விமான நிலையமும் அதே வழியில் "வ் ஏரோபோர்த்தூ" ஆனது. வழியில் நிற்கும் தங்குமிடமான "ஸ்தான்த்சியா" எப்போதும் "நா". "வக்சால்" அதன் பக்கம் சேர்ந்துகொண்டது. தபாலாபீசும் அந்த வீட்டுப் பிள்ளைதான். முன்பு தபால் என்றால் குதிரை மாற்றும் நிலையமும் அதன் முற்றமும். நிலையம் போய்க் கண்ணாடிக் கதவு போட்ட அலுவலகம் வந்த பிறகும் "நா" போகவில்லை. சந்தையும் அப்படித்தான். திறந்தவெளிச் சந்தைக்கு வந்த "நா", கூரை போட்டு ஏசி வைத்த சந்தைக்கும் தொடர்கிறது. பக்கத்திலேயே இருக்கும் சூப்பர்மார்க்கெட் பிற்காலத்து வரவு, அதற்கு "வ்".

இதில் ஒரு வேடிக்கை உண்டு. "வக்சால்" என்ற சொல்லே லண்டனிலிருந்து வந்தது. அங்கே வாக்ஸ்ஹால் என்ற கேளிக்கைத் தோட்டம் புகழ்பெற்றிருந்தது. அந்தப் பெயரில் ரஷ்யாவிலும் கேளிக்கை அரங்குகள் வந்தன. பீட்டர்ஸ்பர்க் அருகே பாவ்லோவ்ஸ்க்கில் 1838இல் ரயில் பாதை முடிந்த இடத்தில் அப்படி ஒரு கச்சேரி அரங்கு திறந்தார்கள். அரங்கின் பெயர் ரயில் நிலையத்துக்கே ஒட்டிக்கொண்டது. தங்கள் ஊர்ப் பெயரை வைத்துத்தான் ஆங்கிலேயர் தடுக்கி விழுகிறார்கள்.

ஒரு தவறு ஒன்றோடு நிற்காது என்பதுதான் இதில் உண்மையான செலவு. ஆங்கிலத்தில் இருப்பதற்கு ஒரு சொல், போவதற்கு வேறு சொல். ரஷ்ய மொழியில் முன்சொல் அப்படியே நிற்கும், பெயரின் வால்தான் மாறும். பள்ளியில் "வ் ஷ்கோலெ", பள்ளிக்கு "வ் ஷ்கோலு". தபாலாபீசில் "நா போச்தெ", தபாலாபீசுக்கு "நா போச்து". திரும்பி வருவதற்கும் தனித்தனிக் கூட்டாளிகள் உண்டு: "வ்" வாங்கிய இடத்திலிருந்து வந்தால் "இஸ்", "நா" வாங்கிய இடத்திலிருந்து வந்தால் "ஸ்". பள்ளியிலிருந்து "இஸ் ஷ்கோலி", தபாலாபீசிலிருந்து "ஸ் போச்தி". இருக்கும்போது தவறு செய்தவர் போகும்போதும் வரும்போதும் தவறு செய்வார்.

இதையே திருப்பிப் போட்டால் நமக்கு ஒரு சோதனை கிடைக்கிறது. ஓர் இடத்துக்கு எந்தச் சொல் என்று சந்தேகம் வந்தால், ரஷ்யர் அங்கிருந்து திரும்பி வருவதை எப்படிச் சொல்கிறார் என்று காதைத் தீட்டிக்கொள்ளலாம். "ஸ் ரபோதி" என்று கேட்டால், வேலை "நா" வாங்கும் சொல் என்று தெரிந்துவிடும். புதிய இடப்பெயரை மனப்பாடம் செய்யும்போதும் தனியாக எழுதாமல், போவதும் வருவதுமாக இரண்டு துண்டாக எழுதிவைப்பதுதான் எனக்குப் பயன்பட்டது. சந்தேகம் தீராவிட்டால் ரஷ்ய தேசியச் சொற்றொகுப்பில், ruscorpora.ru என்ற தளத்தில், "நா ஸவோதெ", "வ் ஸவோதெ" இரண்டையும் ரஷ்ய எழுத்தில் தட்டிப் பார்க்கலாம்:

```
на заводе
в заводе
```

முதலாவதற்கு வாக்கியங்கள் கொட்டும். இரண்டாவதிலும் சில வரும். அவற்றில் "அப்படி ஒரு வழக்கமே எங்களிடம் கிடையாது" என்ற பொருளில் வரும் பழைய மரபுத்தொடரும் இருக்கும், அதில் தொழிற்சாலை கிடையாது.

நாட்டுப் பெயர்களில் இன்னொரு கணக்கு. நாடுகள் பொதுவாக "வ்": ரஷ்யாவில், இந்தியாவில், பிரான்சில். தீவுகள் "நா": கியூபாவில் "நா கூபெ", சைப்ரஸில் "நா கீப்ரெ". ஐஸ்லாந்தும் தீவுதான், ஆனாலும் "வ் இஸ்லாந்தியி". ரஷ்யப் பெயரில் நாடு என்ற தோரணை தீவு என்பதை விழுங்கிவிட்டது. கியூபாவும் நாடுதான். அதை நாடாகக் காட்ட வேண்டிய இடத்தில் ரஷ்யர் "வ் ரெஸ்பூப்லிகெ கூபா", அதாவது கியூபாக் குடியரசில், என்று எழுதுவார். குடியரசு என்ற சொல் முன்னே வந்ததும் தீவு மறைந்து எல்லைக்கோடு முளைத்துவிடுகிறது.

அந்த எல்லைக்கோடுதான் உக்ரைன் விஷயத்தில் சண்டையானது. ரஷ்ய வழக்கு நெடுங்காலம் "நா உக்ராயீனெ". ஒரு பிரதேசத்தைச் சொல்வது போல. உக்ரைனின் பெருங்கவிஞர் தாராஸ் ஷெவ்சென்கோவே 1845இல் எழுதிய "ஸபோவித்" கவிதையில் உக்ரேனிய மொழியில் "நா"தான் போட்டார். தனி நாடான பிறகு, 1993இல், மற்ற நாடுகளுக்கு வரும் "வ்" தங்களுக்கும் வேண்டும் என்று உக்ரைன் அரசு கேட்டது. உக்ரைனில் இன்று "வ்"; ரஷ்யாவில் அதிகார வழக்கு இன்னும் "நா". ஆங்கிலேயர் இதை உடனே புரிந்துகொள்கிறார்கள். அவர்களும் உக்ரைனுக்கு முன்னால் "தி" போட்டுக்கொண்டிருந்துவிட்டு, அது ஒரு பகுதிக்குப் போடுவது, நாட்டுக்கு இல்லை என்று கைவிட்டவர்கள். ஒரே எழுத்து அகலமுள்ள சொல்லில் பேசுகிறவர் எந்தப் பக்கம் என்று இப்போது தெரிந்துவிடுகிறது.

இலங்கைக்குப் போய்வந்த ரஷ்யர் வீட்டில் "நா ஷ்ரி லான்கெ" என்பார், தீவுக்கு உரிய சொல். தூதரகக் காகிதத்தில் அதே இடம் "வ் ஷ்ரி லான்கெ" ஆகிவிடும். என் பக்கத்து நாற்காலிக்காரர் கடைசியில் இதைப் பிடித்துக்கொண்டார். இலங்கைக்கு விடுமுறை போகப்போவதாக "நா" போட்டுச் சொன்னார், ஆசிரியை தலையாட்டினார். தபாலாபீசுக்கு மட்டும் அவர் கடைசி வரை "வ்"தான்.