வெண்கலப் பானையைத் திரும்பக் கேட்டால்

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு தி.நகர் பாத்திரக் கடை ஒன்றின் விளம்பரப் படம் என் மேசைக்கு வந்தது. அடுப்பில் வெண்கலப் பானை, முன்னால் மஞ்சள் கொத்து, பக்கத்தில் கரும்பு. பானையை எடுத்துவிட்டு எவர்சில்வர் பானை வைக்கச் சொன்னார்கள். போட்டோஷாப்பில் பழைய பானையை டெலீட் செய்து, இடத்தை நிரப்பி, புதியதை ஒட்டி, Ctrl+E அடித்து எல்லாவற்றையும் ஒரே லேயராக்கி சேவ் செய்தேன். இரண்டு நாள் கழித்துக் கடைக்காரர் போனில்: “சார், வீட்ல பெரியவங்களுக்கு வெண்கலம்தான் பிடிச்சிருக்கு. முன்ன இருந்ததையே வெச்சிருங்க.”

ஹிஸ்டரி பேனலில் வழக்கமாக 50 படிகள்தான் நிற்கும், ஃபைலை மூடினால் அதுவும் போய்விடும். படம் எடுத்த தம்பியோ மெமரி கார்டை அடுத்த வேலைக்கு ஃபார்மட் செய்திருந்தார். கடைசியில் எங்கள் வீட்டுப் பானையை மொட்டை மாடியில் வைத்துப் படமெடுத்து ஒட்டினேன். வெளிச்சம் வேறு பக்கத்திலிருந்து விழுந்தது எனக்கு மட்டும் தெரிந்தது என்று நம்புகிறேன்.

இப்போது அதே வேலையை வேறு மாதிரி செய்கிறேன். அடியில் இருக்கும் Background லேயரில் கை வைப்பதே இல்லை. பழைய பானையை மறைக்க மேலே ஒரு காலி லேயர் போட்டு, குளோன் ஸ்டாம்ப்பில் Sample என்ற இடத்தில் Current & Below வைத்து, அந்தக் காலி லேயரில் மட்டும் பூசுகிறேன். அதன் மேல் நிழலுக்கு ஒரு லேயர், அதற்கும் மேல் புதிய பானை. மூன்றையும் Ctrl+G அடித்து ஒரே குரூப்புக்குள் போட்டுவிட்டால், குரூப்பின் கண் ஐகானை அணைத்ததும் வெண்கலப் பானை திரும்ப வந்து நிற்கும். வேலை முடிந்ததும் இப்படி ஒருமுறை அணைத்துப் பார்ப்பேன். அசல் படத்தில் ஒரு புள்ளி மாறியிருந்தாலும் எங்கோ தவறிவிட்டேன் என்று அர்த்தம்.

பலரும் சறுக்குவது, லேயரின் ஒரு பகுதியை அழிக்காமல் மறைக்கும் மாஸ்க்கில்தான். பானையை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டாக, அதாவது அசலை உள்ளே தனி ஃபைலாக வைத்திருக்கும் லேயராக மாற்றி, அதன் விளிம்பை வெளியே மாஸ்க் போட்டு வெட்டுவார்கள். பார்க்க நன்றாகவே இருக்கும். நாளைக்கு Replace Contents கொடுத்து வேறு பானையை உள்ளே விட்டால், மாஸ்க் பழைய பானையின் வடிவத்திலேயே நிற்கும். புதிய பானையின் கழுத்து வெட்டுப்பட்டிருக்கும், அல்லது வயிற்றுப் பக்கம் காணாமல் போயிருக்கும்.

அதனால் மாஸ்க் வேலையை இரண்டாகப் பிரிக்கிறேன். பானையின் சொந்த விளிம்பை வெட்டும் மாஸ்க் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டுக்கு உள்ளே இருக்கும். தம்ப்நெயிலை டபுள் கிளிக் செய்தால் அது தனி ஃபைலாகத் திறக்கும், அங்கே வெட்டி Ctrl+S. பானைக்கு முன்னால் வரும் மஞ்சள் இலைகளுக்கான மாஸ்க் வெளியே, குரூப்பின் மேல். இலை இருக்கும் இடத்தில் கறுப்புப் பூசினால், அடியிலிருக்கும் அசல் இலை அப்படியே தெரியும். பானைக்கு மேல் விழும் பகுதியை மட்டும் பூசாமல், இலை முழுவதையும் அதன் நுனி வரை பூசுங்கள். அடுத்து வரும் பானை பெருத்ததாக இருக்கலாம், அப்போதும் இலை முன்னால்தான் நிற்கும். மாஸ்க் குரூப்பின் மேல் இருப்பதால், பானையை மட்டும் தேர்ந்து நகர்த்தினாலும் இலை நகராது.

உள்ளே திறக்கும் ஃபைலை முதலிலேயே கொஞ்சம் பெரியதாக, பானையைச் சுற்றி வெற்றிடம் விட்டு அமைத்துக்கொள்வது என் வழக்கம். அப்போது Replace Contents-க்கே தேவை வராது. இரண்டாவது பானையை அதே ஃபைலுக்குள் இன்னொரு லேயராகப் போட்டு, அடிப்பகுதியை ஒரே கைடு கோட்டில் உட்கார வைத்து, முதல் பானையின் கண்ணை அணைத்தால் போதும். அளவும் சாய்வும் வெளியே ஏற்கெனவே செய்தபடியே இருக்கும். பழைய பானையும் உள்ளே பத்திரமாக இருக்கும்.

எல்லாம் திரும்பிவிடும் என்று சொல்லவில்லை. வெண்கலத்தின் மஞ்சள் சாயல் பக்கத்துத் தட்டில் பட்டிருக்கும், எவர்சில்வர் வைத்தால் அது பொய் சொல்லும். அதைச் சரிசெய்யும் Hue/Saturation லேயரும் அதே குரூப்புக்குள்தான் இருக்க வேண்டும். வெளியே விட்டால், வெண்கலப் பானை திரும்பிய பிறகும் தட்டு வெளிறியே கிடக்கும்.

அப்புறம் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டை Ctrl+J அடித்து நகலெடுத்தால் இரண்டும் ஒரே சரக்கு, ஒன்றைத் திருத்தினால் மற்றதும் மாறும். தனியாக வேண்டுமென்றால் New Smart Object via Copy.

எங்கள் ஸ்டுடியோவில் புதிதாகச் சேர்ந்த பையன் போன வாரம் பானை லேயரின் மேல் பிரஷ் வைத்தான். ராஸ்டரைஸ் செய்யட்டுமா, அதாவது ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டைச் சாதாரண லேயராக்கட்டுமா என்று ஒரு பெட்டி வந்தது. படிக்காமல் OK அடித்துவிட்டு, “அண்ணா, தம்ப்நெயில் மூலையில இருந்த குட்டி ஐகானைக் காணோம்” என்றான். நல்ல வேளை, ஃபைலை இன்னும் மூடவில்லை. Ctrl+Z அடிக்கச் சொன்னேன்.